வரிசை எங்கே இருக்கிறது: வரிசைமாற்றமா, சேர்வா என்று முடிவு செய்வது

கேள்வி: எண்ணிக்கைக் கணக்குகளில் nPr போடுவதா, nCr போடுவதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். இரண்டு சூத்திரமும் மனப்பாடம். "தேர்ந்தெடு" என்று வந்தால் சேர்வு, "அடுக்கு" என்று வந்தால் வரிசைமாற்றம் என்று வைத்துக்கொண்டு செய்தால் பாதிக் கணக்கு தப்பாகிறது. வரிசை முக்கியமா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்:

வரிசை என்பது தேர்ந்தெடுக்கும் செயலில் இருப்பதன்று. கேள்வி எதை "ஒரு விளைவு" என்று எண்ணச் சொல்கிறதோ, அந்த விளைவுக்குள் அது இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம். நாம் எப்போதும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆகையால் செயலைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாக் கணக்கிலும் வரிசை இருப்பது போலவே தோன்றும். செயல் முழுவதும் முடிந்த பிறகு கையில் எஞ்சியிருப்பது எது, அதைப் பார்க்கிறவர் தேர்வின் முன்பின்னை அதிலிருந்து கண்டறிய முடியுமா என்பதே கேட்க வேண்டியது.

இதைச் செய்து பார்க்கும் வழி எளிது. கணக்கைப் படித்தவுடன் சூத்திரத்தைத் தேடாமல், முழுமையான ஒரு விளைவைப் பெயர்களோடும் எண்களோடும் தாளில் எழுதுங்கள். பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றுள் ஏதேனும் இரண்டை ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து மாற்றி எழுதுங்கள். இரண்டாவதாக எழுதியதைக் கேள்வி புதிய விளைவாக எண்ணுகிறது என்றால் வரிசை கணக்கில் வருகிறது. முன்பு எழுதிய அதே விளைவுதான் என்றால் வரவில்லை. பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்கள் என்பது ஒரு கேள்வி. அதே பத்துப் பேரும் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதினால் மொத்தம் எத்தனை கடிதங்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் நாம் பத்துப் பேரிலிருந்து இருவரை எடுக்கிறோம். "அ" என்பவரும் "ஆ" என்பவரும் கைகுலுக்கியதை "ஆ"வும் "அ"வும் கைகுலுக்கியதாக மாற்றி எழுதினால் புதிதாக ஒன்றும் நிகழவில்லை. ஆகவே விடை 10C2, அதாவது 45. "அ" எழுதி "ஆ" பெற்ற கடிதத்தை "ஆ" எழுதி "அ" பெற்றதாக மாற்றினால் அது வேறொரு கடிதம். ஆகவே விடை 10P2, அதாவது 90. இரு கேள்விகளிலும் "தேர்ந்தெடு" என்ற சொல்லும் இல்லை, "அடுக்கு" என்ற சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரு சூத்திரங்களுக்கும் உள்ள உறவை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுவது அவசியம், ஏனென்றால் பின்னால் வரும் பிழைகள் எல்லாம் இந்த உறவைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதால் வருபவை. அ, ஆ, இ, ஈ, உ என்னும் ஐவரிலிருந்து மூவரை எடுக்கிறோம் என்று கொள்வோம். முதலாமவரை 5 வழிகளிலும், அடுத்தவரை 4 வழிகளிலும், மூன்றாமவரை 3 வழிகளிலும் எடுக்கலாம், பெருக்கினால் 60. இந்த 60 வரிகளையும் பொறுமையாக எழுதிப் பார்த்தால், அ, ஆ, இ ஆகிய மூவரும் சேர்ந்து வரும் வரிகள் ஆறு இருக்கும்: அஆஇ, அஇஆ, ஆஅஇ, ஆஇஅ, இஅஆ, இஆஅ. அ, இ, உ மூவருக்கும் அதேபோல் ஆறு வரிகள். வேறு எந்த மூவரை எடுத்தாலும் ஆறுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரிசை வேண்டாம் என்கிற கேள்விக்கு இந்த ஆறும் ஒன்றே என்பதால் 60-ஐ 6-ஆல் வகுக்கிறோம், விடை 10. nCr என்பது nPr-ஐ r! கொண்டு வகுத்தது என்று பாடத்தில் வருவது இதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு விளைவும் பட்டியலில் சரியாக ஒரே எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்பதுதான் அந்த வகுத்தலுக்கு உரிமை தருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களை நம்பிச் செய்யும்போது ஏன் தப்பாகிறது என்பதற்கு வருகிறேன். நான்கு இலக்க எண்களில், இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமும் முந்தையதைவிடச் சிறியதாக இருக்கும் எண்கள் எத்தனை என்று ஒரு கணக்கு. எண் என்றாலே இலக்கங்களின் வரிசைதான், 9530 வேறு, 5930 வேறு, எனவே வரிசைமாற்றம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இடமாற்றிப் பாருங்கள்: 9530 என்பதில் 5-ஐயும் 3-ஐயும் மாற்றினால் 9350 வருகிறது, அது வேறு எண்தான், ஆனால் அதில் 3-க்குப் பின் 5 வருவதால் கேள்வியின் நிபந்தனைக்குள் அது வரவே வராது. 9, 5, 3, 0 என்ற நான்கு இலக்கங்களைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணமே எண் தீர்மானமாகிவிட்டது. அவற்றை அடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அதை நிபந்தனையே செய்து முடித்துவிடுகிறது. ஆகவே பத்து இலக்கங்களிலிருந்து நான்கை எடுக்கும் வழிகளை எண்ணினால் போதும்: 10C4, அதாவது 210. இறங்குவரிசைக்குப் பதிலாக ஏறுவரிசை என்றால் 0 தேர்வில் இருக்கும்போது அது முதல் இடத்துக்கு வந்து எண்ணை நான்கு இலக்கமாக இருக்கவிடாது என்பதால், 9C4, அதாவது 126. ஆக, இடமாற்றிப் பார்க்கும் சோதனைக்கு மூன்று விடைகள் வரலாம்: புதிய விளைவு, அதே விளைவு, அனுமதிக்கப்படாத விளைவு. இதில் மூன்றாவது வந்தாலும் சேர்வுதான், ஏனென்றால் ஒரு தொகுதிக்கு ஒரு விளைவே கிடைக்கிறது.

இதற்கு அடுத்தபடியாகக் குழப்பம் தருவது, தேர்ந்தெடுக்கப்படும் பொருள் எது என்பதைத் தவறாகக் கருதுவது. ஒரு நாணயத்தை 8 முறை சுண்டும்போது சரியாக 3 முறை தலை விழும் வரிசைகள் எத்தனை? கேள்வியிலேயே "வரிசைகள்" என்று இருக்கிறது. தலை, பூ, பூ என்பதும் பூ, தலை, பூ என்பதும் வெவ்வேறு. இருந்தும் விடை 8C3, அதாவது 56. பலர் இந்த இடத்தில் விதியை மனப்பாடம் செய்துகொண்டு கடந்துவிடுகிறார்கள், ஆனால் நின்று பார்த்தால் புரியும். நாம் இங்கே தலைகளைத் தேர்ந்தெடுக்கவில்லை, தலை விழும் இடங்களைத் தேர்ந்தெடுக்கிறோம். 2, 5, 6 ஆகிய சுண்டல்களில் தலை என்று ஒரு விளைவை எழுதுங்கள். அதை 5, 2, 6 என்று மாற்றி எழுதினாலும் அதே சுண்டல்களில்தான் தலை விழுந்திருக்கிறது. காகிதத்தில் உள்ள தலை-பூ வரிசையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விளைவு ஒரு வரிசையாக இருக்கலாம். அதை உருவாக்க நாம் எடுக்கும் தொகுதிக்கு வரிசை இல்லாமல் இருக்கலாம். அதே 8 இடங்களில் மூன்று வெவ்வேறு ஆட்களை அமர்த்துவது என்றால் கதை மாறுகிறது: 2-இல் "அ", 5-இல் "ஆ" என்பதை 5-இல் "அ", 2-இல் "ஆ" என்று மாற்றினால் அமர்வு மாறுகிறது, எனவே 8P3, அதாவது 336. மூன்று தலைகளும் ஒன்றுபோல் இருப்பதும், மூன்று ஆட்களும் வெவ்வேறாக இருப்பதும்தான் 56-க்கும் 336-க்கும் இடையிலுள்ள ஆறு மடங்கு வேறுபாட்டுக்குக் காரணம்.

ஒரே கணக்கில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. பத்துப் பேரிலிருந்து ஒரு தலைவரும் மூன்று சாதாரண உறுப்பினர்களும் கொண்ட நால்வர் குழு அமைக்க வேண்டும் என்றால், தலைவரையும் ஓர் உறுப்பினரையும் இடமாற்றினால் புதிய குழு; இரண்டு உறுப்பினர்களைத் தங்களுக்குள் இடமாற்றினால் அதே குழு. ஒரே கேள்விக்குச் சோதனை இரண்டு விடை தருகிறது என்றால், கணக்கை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று பொருள். தலைவரை 10 வழிகளிலும், எஞ்சிய ஒன்பதில் மூவரை 9C3 = 84 வழிகளிலும் எடுத்தால் 840. முதலில் நால்வரை 210 வழிகளில் எடுத்து, அவர்களுக்குள் தலைவரை 4 வழிகளில் குறித்தாலும் 840. "இது வரிசைமாற்றமா, சேர்வா" என்று முழுக் கணக்குக்கும் ஒரே பெயர் சூட்ட முயல்வதுதான் இத்தகைய இடங்களில் தடையாகிறது. அந்தக் கேள்வியைக் கணக்கின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இனி, என் கருத்தில் மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். வரிசை தேவையில்லை என்று சரியாகவே தெரிந்துகொண்டு, 10C3 போன்ற சேர்வுகளையே பயன்படுத்தியும், தெரியாமல் ஒரு வரிசையை உள்ளே கொண்டுவந்துவிடுவது உண்டு. சூத்திரங்களைக் குழப்பிக்கொள்வதைவிட இந்தப் பிழை ஆபத்தானது, ஏனென்றால் எழுதிய ஒவ்வொரு படியும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

நான்கு பெண்களும் ஐந்து ஆண்களும் இருக்கிறார்கள். மூவர் குழு ஒன்று அமைக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். மிக இயல்பாகத் தோன்றும் வழி இது: நிபந்தனையை நிறைவேற்ற முதலில் ஒரு பெண்ணை 4 வழிகளில் எடுத்துவிடுவோம்; பிறகு எஞ்சிய எட்டுப் பேரில் யாராக இருந்தாலும் சரி, இருவரை 8C2 = 28 வழிகளில் எடுப்போம்; விடை 4 × 28 = 112. இது தவறு என்பதற்கு உடனடிச் சான்று இருக்கிறது: எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒன்பது பேரிலிருந்து மூவரை எடுக்கும் வழிகளே 9C3 = 84 தான். நிபந்தனை போட்ட பிறகு எண்ணிக்கை கூட முடியாது. சரியான விடை, மொத்தத்திலிருந்து பெண்களே இல்லாத குழுக்களைக் கழித்து வருவது: 84 − 5C3 = 84 − 10 = 74.

112 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது. நான்கு பெண்களை க, ச, த, ப என்று அழைப்போம். ஓர் ஆண் "ம" என்று இருக்கட்டும். "க"வை முதலில் எடுத்து, பிறகு எட்டுப் பேரிலிருந்து "ச", "ம" இருவரையும் எடுத்தால் ஒரு குழு. "ச"வை முதலில் எடுத்து, பிறகு "க", "ம" இருவரையும் எடுத்தால் மறுபடியும் அதே குழு. "முதலில் எடுத்த பெண்" என்று ஒரு தனிப் பதவியை நாம் உருவாக்கிவிட்டோம். குழு அமைந்து முடிந்த பிறகு பார்த்தால் அப்படியொரு பதவி அதில் இல்லை. ஒரு பெண் மட்டும் உள்ள குழுக்கள் 4 × 5C2 = 40; இவற்றில் முதலில் எடுக்கப்பட்டவர் அந்த ஒருவராகத்தான் இருக்க முடியும் என்பதால் ஒவ்வொரு குழுவும் ஒரே முறை எண்ணப்பட்டது. இரண்டு பெண்கள் உள்ள குழுக்கள் 4C2 × 5 = 30; இவை ஒவ்வொன்றும் இரண்டு முறை எண்ணப்பட்டன. மூவரும் பெண்களாக உள்ள குழுக்கள் 4. இவை மூன்று முறை எண்ணப்பட்டன. கூட்டினால் 40 + 60 + 12 = 112. உண்மையில் இருப்பவை 40 + 30 + 4 = 74.

ஐவரிலிருந்து மூவரை எடுத்தபோது செய்தது போல, மிகையாக எண்ணியதை வகுத்துச் சரிசெய்யலாமே என்று இங்கே கேட்கத் தோன்றும். முடியாது. அங்கே ஒவ்வொரு தொகுதியும் ஆறு முறை என்று சீராகத் திரும்ப வந்தது; இங்கே சில குழுக்கள் ஒரு முறையும், சில இரண்டு முறையும், சில மூன்று முறையும் வந்திருக்கின்றன. எந்த ஒற்றை எண்ணால் வகுத்தாலும் 112-லிருந்து 74 நியாயமாக வராது. "குறைந்தது" என்ற நிபந்தனையைக் கண்டவுடன் நிபந்தனைக்கு வேண்டியதை முதலில் எடுத்து ஒதுக்கிவிட்டு மீதியைப் பொதுவாக எடுக்கும் வழியை அறவே தவிர்த்து, எதிர்நிலையைக் கழிப்பது அல்லது "சரியாக ஒருவர்", "சரியாக இருவர்" என்று ஒன்றோடொன்று மேற்படியாத வகைகளாகப் பிரித்துக் கூட்டுவது என்ற இரண்டில் ஒன்றையே கையாளுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

வகுத்தலின் இந்த எல்லையை மறுதேர்வு அனுமதிக்கப்படும் கணக்குகளிலும் காணலாம். மூன்று நிறங்களிலிருந்து இரண்டு முறை நிறம் எடுக்கிறோம், அதே நிறத்தை மீண்டும் எடுக்கலாம், வரிசை வேண்டாம் என்றால், 3 × 3 = 9-ஐ 2-ஆல் வகுத்து 4.5 என்ற பொருளற்ற எண்ணைப் பெறுவோம். சிவப்பு-நீலம் இரண்டு முறை வந்தது, சிவப்பு-சிவப்பு ஒரு முறைதான் வந்தது; அதனால் வகுத்தல் செல்லாது. வெவ்வேறு நிற இணைகள் 3, ஒரே நிற இணைகள் 3, ஆக 6 என்பதே விடை. இங்கே பின்னம் வந்து நம்மை எச்சரித்தது. எப்போதும் அப்படி எச்சரிக்கை வராது.

மறைந்து நுழையும் வரிசைக்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு 52 சீட்டுகள் கொண்ட கட்டில் கிடைக்கிறது. அதில் 13 மதிப்புகள், ஒவ்வொரு மதிப்புக்கும் 4 சீட்டுகள். ஐந்து சீட்டுகளை எடுக்கும்போது, ஒரு மதிப்பில் மூன்றும் வேறொரு மதிப்பில் இரண்டும் அமையும் வழிகள் எத்தனை? மூன்று வரும் மதிப்பை 13 வழிகளிலும், அதன் சீட்டுகளை 4C3 = 4 வழிகளிலும், இரண்டு வரும் மதிப்பை 12 வழிகளிலும், அதன் சீட்டுகளை 4C2 = 6 வழிகளிலும் எடுத்தால் 3744. இது சரி. இப்போது, ஒரு மதிப்பில் இரண்டு, வேறொரு மதிப்பில் இரண்டு, மூன்றாவதாக வேறு ஏதோ ஒரு மதிப்பில் ஒன்று என்று அமையும் வழிகளை அதே பாணியில் எண்ணுவோம்: முதல் இணையின் மதிப்பு 13, அதன் சீட்டுகள் 6, இரண்டாம் இணையின் மதிப்பு 12, அதன் சீட்டுகள் 6, கடைசிச் சீட்டு 44, பெருக்கினால் 2,47,104. இது உண்மையான விடையைப் போல் சரியாக இரு மடங்கு.

ஒரே நடை, ஒரே 13 × 12. ஒன்றில் சரி, மற்றொன்றில் தவறு. சோதனையைச் செய்து பாருங்கள். மூன்று ராஜா, இரண்டு ஏழு என்பதில் மதிப்புகளை இடமாற்றினால் மூன்று ஏழு, இரண்டு ராஜா என்றாகிறது. கையில் உள்ள சீட்டுகள் மாறுகின்றன. எனவே "மூன்று வருவது" "இரண்டு வருவது" என்ற இரு இடங்களும் உண்மையிலேயே வெவ்வேறானவை, 13 × 12 என்ற வரிசையுள்ள தேர்வு பொருத்தமானது. இரண்டு ராஜா, இரண்டு ஏழு என்பதில் மதிப்புகளை இடமாற்றினால் இரண்டு ஏழு, இரண்டு ராஜா. கையில் அதே சீட்டுகள். "முதல் இணை", "இரண்டாம் இணை" என்பவை நாம் எண்ணும்போது வைத்த பெயர்களே தவிர, சீட்டுகளில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. எனவே இரு மதிப்புகளையும் சேர்த்து 13C2 = 78 வழிகளில் எடுக்க வேண்டும்: 78 × 6 × 6 × 44 = 1,23,552. இங்கே ஒவ்வொரு விளைவும் சரியாக இருமுறை எண்ணப்பட்டிருப்பதால் 2-ஆல் வகுத்தாலும் இதே விடை கிடைக்கும். ஆக, தீர்வில் "முதலாவது", "இரண்டாவது", "மற்றொன்று" என்ற சொற்களை எழுதும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, முடிந்த விளைவைப் பார்ப்பவருக்கு எது முதலாவது, எது இரண்டாவது என்று தெரியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தெரியாது என்றால், கேள்வியில் இல்லாத வரிசை ஒன்றை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள்.

நிகழ்தகவுக் கணக்குகளில் ஒரு சலுகை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஒன்பது பேரிலிருந்து சீட்டுக் குலுக்கி மூவரை எடுக்கும்போது, சரியாக இரண்டு பெண்கள் வரும் நிகழ்தகவு என்ன? வரிசை இல்லாமல் எண்ணினால் 30/84. வரிசையோடு எண்ணினால் மொத்தம் 9 × 8 × 7 = 504; சாதகமானவை, ஆண் வரும் இடத்தை 3 வழிகளிலும் அந்த ஆணை 5 வழிகளிலும் பெண்களை 4 × 3 வழிகளிலும் எடுத்து 180; 180/504. இரண்டும் 5/14 தான். மேலும் கீழும் ஒரே முறையில் எண்ணினால் ஆறு மடங்கு ஆறு மடங்கோடு அடிபட்டுப் போகிறது. கீழே 504 என்று வரிசையோடு எண்ணிவிட்டு, மேலே 30 என்றோ, ஆண் எந்த இடத்தில் வருவான் என்பதை மறந்து 4 × 3 × 5 = 60 என்றோ எழுதும்போதுதான் விடை கெடுகிறது. சோதனையை மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் செய்து, இரண்டிலும் ஒரே விடை வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடைசியாக, செய்த கணக்கு சரியா என்று தெரிந்துகொள்ளும் வழி. சூத்திரத்தை மறுபடி சரிபார்ப்பதால் பயனில்லை. எண்களைச் சிறிதாக்கி, விளைவுகளை எல்லாம் கையால் எழுதி, அதே முறையில் வந்த விடையோடு ஒப்பிடுங்கள். ஆறு பேரை இருவர் இருவராக மூன்று அணிகளாகப் பிரிக்கும் வழிகளைக் கேட்டால், 6C2 × 4C2 × 2C2 = 15 × 6 × 1 = 90 என்று எழுதிவிடுவோம். இது சரியா என்பது ஆறு பேரை வைத்துப் பார்த்தால் எளிதில் தெரியாது. நான்கு பேரை இருவர் இருவராக இரண்டு அணிகளாகப் பிரிப்பதாக மாற்றுங்கள். அதே முறை 4C2 × 2C2 = 6 என்கிறது. கையால் எழுதினால் அஆ-இஈ, அஇ-ஆஈ, அஈ-ஆஇ என்று மூன்றுக்கு மேல் வரவில்லை. ஆறு ஏன் வந்தது என்றால், அஆ-இஈ என்பதையும் இஈ-அஆ என்பதையும் சூத்திரம் தனித்தனியாக எண்ணியது. அணிகளுக்குள் இருந்த வரிசையை 4C2 நீக்கியதே தவிர, அணிகளுக்கு இடையிலான வரிசையை அது தொடவில்லை. ஆறு பேருக்குத் திரும்பினால், மூன்று அணிகளை 3! = 6 வழிகளில் மாற்றி வைக்கலாம் என்பதால் 90 ÷ 6 = 15 என்பதே விடை. அணிகளுக்குச் சிவப்பு, நீலம், பச்சை என்று பெயர் இருந்தாலோ, ஒவ்வோர் அணிக்கும் வெவ்வேறு வேலை கொடுக்கப்பட்டிருந்தாலோ, 90 தான் சரி. மூவர், இருவர், ஒருவர் என்று அணிகளின் அளவே வெவ்வேறாக இருந்தால், பெயர் இல்லாவிட்டாலும் அளவே அவற்றைப் பிரித்துக் காட்டிவிடுகிறது; 6C3 × 3C2 × 1C1 = 60 என்பதை எதனாலும் வகுக்கக் கூடாது. நால்வர், ஒருவர், ஒருவர் என்றால் 6C4 × 2C1 × 1C1 = 30-ஐ ஒருவர் அணிகள் இரண்டுக்கு மட்டும் 2-ஆல் வகுத்து 15 என்று கொள்ள வேண்டும்; நால்வரைத் தேர்ந்தெடுத்தவுடன் எஞ்சிய இருவரும் தாமாகவே தனித்தனி அணிகளாகிவிடுவதால் அது 6C4-க்குச் சமமாக இருப்பதை வைத்து இதைச் சரிபார்க்கலாம்.